ஆளுக்கொரு பத்தியா, கேள்விக்கொரு பகுதியா?

ஆய்வேட்டில் முன்னாய்வுகளின் மீளாய்வு என்ற இயலை இரண்டு விதமாக எழுதலாம். ஒவ்வோர் ஆய்வையும் தனியே எடுத்து, யார், எந்த ஆண்டில், எங்கே, என்ன கண்டார் என்று ஒரு பத்தி எழுதிவிட்டு அடுத்த ஆய்வுக்குப் போவது ஒரு வழி. ஆய்வுகள் எல்லாம் எந்தெந்தக் கேள்விகளைச் சுற்றி நிற்கின்றன என்று பார்த்து, கேள்விக்கொரு பகுதி ஒதுக்கி, அந்தப் பகுதிக்குள் பல ஆய்வுகளை ஒன்றுக்கொன்று பதில் சொல்லவைப்பது இன்னொரு வழி. முதல் வழியில் பட்டியல்தான் கிடைக்கும். இரண்டாவது வழியில் எழுதினால், அந்தப் பொருளைப் பற்றி இதுவரை எது உறுதியாகியிருக்கிறது, எதில் சண்டை நடக்கிறது, எதை யாரும் கேட்கவே இல்லை என்பது வெளிவரும். அதற்கு உதவும் கருவிதான் தொகுப்பு அட்டவணை. ஆய்வுமுறைப் பயிலரங்குகளில் இதை சிந்தசிஸ் மேட்ரிக்ஸ் என்பார்கள்.

ஓர் இயல் எந்த வகையைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க முழுவதும் படிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பத்தியின் முதல் சொல்லை மட்டும் பார்த்தால் போதும். எல்லாப் பத்திகளும் ஆசிரியர் பெயரிலும் அடைப்புக்குறிக்குள் ஓர் ஆண்டிலும் தொடங்கினால் அது பட்டியல். பத்திகளை முன்பின்னாக மாற்றிப் போட்டுப் பார்ப்பது இதைவிடக் கடுமையான சோதனை. நான்காவது பத்தியை ஒன்பதாவது இடத்தில் வைத்தும் எதுவும் குலையவில்லை என்றால், அந்த இயலில் வாதமே ஓடவில்லை. ஆண்டு வரிசை மட்டுமே அதை ஒட்டவைத்திருக்கிறது.

சுயஉதவிக் குழுக் கடன் பற்றிய ஆய்வேடு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 1989இல் ஐஃபாட் எனப்படும் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கப்பட்டதிலிருந்து, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இந்தப் பொருள் ஓயாமல் ஆராயப்பட்டுவருகிறது. மாணவியின் கேள்வி இது: கடன் வாங்கிய பெண்ணுக்கு வீட்டுக்குள் முடிவெடுக்கும் அதிகாரம் கூடுகிறதா? இதற்காக வங்கதேச ஆய்வுகளைப் படிக்காமல் இருக்க முடியாது. இந்த விவாதத்தின் பெரும்பகுதி அங்கேதான் நடந்திருக்கிறது.

படிக்கத் தொடங்கியதுமே சிக்கல் வருகிறது. ஆன் மேரி கோட்ஸும் ரினா சென் குப்தாவும் 1996இல் வெளியிட்ட கட்டுரை, பெண் பெயரில் வாங்கிய கடனில் கணிசமான பகுதி ஆண்கள் கைக்குப் போய்விடுகிறது என்றது. அதே 1996இல், அதே வேர்ல்ட் டெவலப்மென்ட் இதழில், சையத் ஹஷெமி, சிட்னி ஷூலர், ஆன் ரைலி மூவரும் கிராமீன் வங்கி, பிராக் ஆகியவற்றின் கடன் திட்டங்கள் பெண்களின் அதிகாரத்தைக் கூட்டுகின்றன என்றார்கள். ஒரே நாடு, ஒரே காலம், பெரும்பாலும் ஒரே வகைத் திட்டங்கள். முடிவுகளோ எதிரும் புதிருமாக இருக்கின்றன. பட்டியலாக எழுதும் மாணவி இரண்டையும் அடுத்தடுத்த பத்திகளில் வைத்து, "மாறாக" என்ற ஒரு சொல்லால் இணைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஏன் மாறானது என்ற கேள்வி அங்கேயே புதைந்துபோகும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் தோண்டியெடுப்பது அதைத்தான்.

அட்டவணை போடும் முறை

அட்டவணையின் அமைப்பு எளியது. ஓர் ஆய்வுக்கு ஒரு குறுக்கு வரிசை, ஒரு கேள்விக்கு ஒரு நெடுவரிசை. எக்செல் போன்ற விரிதாளிலும் போடலாம், சார்ட் தாளில் பென்சிலாலும் போடலாம். விரிதாளில் போட்டால், பின்னால் நெடுவரிசையை வெட்டி இடம் மாற்றுவதும் ஆய்வுகளை வேறு வகையில் அடுக்கிப் பார்ப்பதும் சுலபம்.

தவறு நடப்பது நெடுவரிசைக்குத் தலைப்பு வைக்கும் இடத்தில். நோக்கம், மாதிரி அளவு, ஆய்வுமுறை, முடிவு, பரிந்துரை என்று ஐந்து தலைப்புகள் வைத்து நிரப்பப்பட்ட அட்டவணைகளே மிகுதி. படித்ததை நினைவில் வைத்துக்கொள்ள அவை உதவும். ஆனால் தொகுப்புக்கு உதவாது, ஏனென்றால் அந்தத் தலைப்புகள் உலகத்தில் உள்ள எந்த ஆய்வுக்கும் பொருந்தும். மாதிரி அளவு என்ற நெடுவரிசையை மேலிருந்து கீழே படித்தால் எண்கள் கிடைக்கும், வாதம் கிடைக்காது. தலைப்பு இந்தப் பொருளுக்கே உரியதாக இருக்க வேண்டும். அதுவும் ஒரு கேள்வியாக எழுதிவைத்தால் நல்லது. "அதிகாரம்" என்று வைப்பதைவிட "அதிகாரம் என்று எதை அளந்தார்கள்?" என்று வைத்தால், கட்டத்துக்குள் என்ன எழுத வேண்டும் என்பதில் குழப்பம் வராது.

இந்தக் கேள்விகளை முன்கூட்டியே முடிவுசெய்ய முடியாது. பொருளோடு மிக நெருங்கிய ஐந்தாறு கட்டுரைகளை முழுதாகப் படித்து, அவை எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே மோதுகின்றன என்று ஓரக்குறிப்பு எழுதினால் முதல் மூன்று நான்கு கேள்விகள் தாமாக எழும். மற்றவை படிக்கப் படிக்கச் சேரும். புதிய நெடுவரிசை ஒன்று சேரும்போதெல்லாம் முன்பு படித்த கட்டுரைகளுக்குத் திரும்பிப் போய் அந்தக் கட்டத்தையும் நிரப்ப வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் இதைத் தவிர்த்தால் அட்டவணையின் மேல்பாதி காலியாகவும் கீழ்ப்பாதி நிரம்பியும் நிற்கும். அந்தக் காலியிடத்தைப் பின்னால் ஆய்வு இடைவெளி என்று தவறாக நினைத்துவிட நேரும்.

சுயஉதவிக் குழு ஆய்வேட்டுக்கான அட்டவணையின் ஒரு மூலை இப்படி இருக்கும்:

| ஆய்வு | அதிகாரம் என்று எதை அளந்தது? | கடன் எந்த வழியில் வந்தது? | என்ன கண்டது? |
|---|---|---|---|
| கோட்ஸ், சென் குப்தா (1996) | கடன் பணத்தை நிர்வகிப்பது யார் என்பது. ஐந்து படிநிலைகள் | வங்கதேசத்தின் நான்கு திட்டங்கள் | சுமார் 63 விழுக்காட்டினரிடம் பகுதி அளவோ அதற்கும் குறைவாகவோதான் கட்டுப்பாடு |
| ஹஷெமி, ஷூலர், ரைலி (1996) | எட்டுக் குறியீடுகள்: தனியே வெளியே போவது, பொருள் வாங்குவது, வீட்டு முடிவுகளில் பங்கு முதலியவை | கிராமீன், பிராக் குழுக்கள் | சேர்ந்த பெண்களிடம் அதிகாரம் கூடுதல் |
| கபீர் (2001) | கடன் பெற்றவர்களே சொன்ன மாற்றங்கள் | தனிநபர் கடன் தந்த அரசுத் திட்டம் | பெண்கள் தங்கள் மதிப்பு கூடியதாக உணர்ந்தார்கள் |
| ஹோல்வூட் (2005) | வீட்டு முடிவுகளை எடுப்பது கணவனா, மனைவியா, இருவருமா | தென்னிந்தியா: வங்கி நேரடிக் கடன், குழு வழிக் கடன் இரண்டும் | நேரடிக் கடனால் மாற்றமில்லை, குழு வழிக் கடனில் மாற்றம் |

கட்டத்துக்குள் கட்டுரையின் சுருக்கவுரையை வெட்டி ஒட்டக் கூடாது. சொந்தச் சொற்களில் ஓரிரு வரி, தேவையான ஓர் எண், பக்க எண் ஆகிய மூன்றும் போதும். பக்க எண்ணை அப்போதே குறிக்காதவர்கள் இயல் எழுதும் வாரத்தில் அதே கட்டுரையை மறுபடி முழுக்கப் புரட்ட வேண்டியிருக்கும். ஆசிரியரின் சொற்களையே எடுத்து எழுத நேர்ந்தால் மேற்கோள் குறி கட்டாயம். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து அவை சொந்தச் சொற்கள்போலவே தெரியும், கருத்துத் திருட்டுச் சோதனையில் மாட்டும்.

காலிக் கட்டங்களிலும் வேறுபாடு உண்டு. அந்த ஆய்வு இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை என்பது ஒரு காலி. கேட்டது, ஆனால் விளைவு எதையும் காணவில்லை என்பது காலியே அல்ல, அது ஒரு முடிவு. இன்னும் படித்து முடிக்கவில்லை என்பது வேறொன்று. மூன்றுக்கும் "கேட்கவில்லை", "மாற்றமில்லை", "பார்க்க வேண்டும்" என்று வெவ்வேறு குறி இட்டுவைக்க வேண்டும். கடைசியில் அட்டவணையை நம்ப முடியுமா என்பது பெரும்பாலும் இந்தக் குறிகளைப் பொறுத்ததுதான்.

மேலிருந்து கீழே படிப்பது

அட்டவணையை நிரப்பும்போது வேலை குறுக்கே நடக்கிறது. ஒரு கட்டுரையைப் படித்து அதன் வரிசையை முடிப்பது. எழுதும்போது நெடுக்கே படிக்க வேண்டும். மேலே உள்ள அட்டவணையில் கடைசி நெடுவரிசையை மட்டும் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஒருவர் இல்லை என்கிறார், ஒருவர் ஆம் என்கிறார். அதன் பக்கத்தில் "எதை அளந்தது?" என்ற நெடுவரிசையை வைத்துப் படித்தால் குழப்பம் பிரிகிறது. கோட்ஸும் சென் குப்தாவும் கடன் பணத்தின் மீதான கட்டுப்பாட்டையே அதிகாரமாக எடுத்துக்கொண்டார்கள். ஹஷெமி குழுவினர் கடனுக்குப் பிறகு அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் என்ன மாறியது என்று பார்த்தார்கள். முன்னவர்கள் செயல்வழியை அளந்தார்கள், பின்னவர்கள் விளைவை அளந்தார்கள். இரண்டு முடிவுகளும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். உண்மையில் ஹஷெமி குழுவினரே இதைச் சோதித்திருக்கிறார்கள்: கடன் பணத்தைத் தாங்கள் நிர்வகிக்காத பெண்களிடமும், திட்டத்தில் சேராதவர்களைவிட அதிகாரக் குறியீடுகள் கூடுதலாக இருந்தன.

நைலா கபீரின் 2001ஆம் ஆண்டுக் கட்டுரை இதே வேலையைச் செய்து காட்டுகிறது. தன் கள ஆய்வை முன்வைப்பதற்கு முன், முந்தைய ஆய்வுகள் ஏன் முரண்படுகின்றன என்று கேட்டு, எதிர்மறை முடிவு சொன்னவை கடன் பயன்படுத்தப்பட்ட வழியையும் நேர்மறை முடிவு சொன்னவை விளைவுகளையும் பார்த்தன என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். முன்னாய்வுகளைக் கேள்விவாரியாகத் தொகுப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள விரும்பும் மாணவர், ஆய்வுமுறைப் பாடநூலைவிட அந்தக் கட்டுரையின் முதல் பகுதியைப் படிப்பது நல்லது.

எழுத்தில் இந்த வேறுபாடு எப்படித் தெரியும்? பட்டியல் முறையில் இப்படி வரும்: "கோட்ஸ், சென் குப்தா (1996) வங்கதேசத்தில் 253 பெண்களிடம் ஆய்வு செய்தனர். பெரும்பாலான பெண்களுக்குக் கடன் மீது முழுக் கட்டுப்பாடு இல்லை எனக் கண்டறிந்தனர். ஹஷெமி முதலியோர் (1996) எட்டுக் குறியீடுகளைப் பயன்படுத்தினர். கடன் திட்டங்கள் அதிகாரத்தைக் கூட்டுகின்றன எனக் கண்டறிந்தனர்." ஒவ்வொரு வாக்கியமும் சரிதான். வாசிப்பவருக்கு மட்டும் எதுவும் விளங்குவதில்லை.

நெடுவரிசையிலிருந்து எழுதினால் அதே செய்திகள் வேறு வேலை செய்யும்: "கடன் பெண்களின் அதிகாரத்தைக் கூட்டுகிறதா என்பதற்கான விடை, அதிகாரம் என்று எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. கடன் பணம் யார் கையில் இருக்கிறது என்று பார்த்த கோட்ஸ், சென் குப்தா (1996), சுமார் 63 விழுக்காட்டுப் பெண்களுக்குப் பகுதி அளவோ அதற்கும் குறைவாகவோதான் கட்டுப்பாடு இருந்ததைக் கண்டனர். நடமாட்டம், வீட்டு முடிவுகளில் பங்கு போன்ற விளைவுகளைப் பார்த்த ஹஷெமி முதலியோர் (1996) எதிரான முடிவுக்கு வந்தனர். பணத்தைத் தாங்களே நிர்வகிக்காத பெண்களிடமும் முன்னேற்றம் தெரிந்தது. ஆகவே பணத்தின் மீதான கட்டுப்பாட்டை மட்டும் வைத்து வீட்டுக்குள் நடக்கும் மாற்றத்தை முடிவுசெய்ய இயலாது." முதல் வாக்கியத்தில் ஆசிரியர் பெயர் இல்லை, ஒரு கூற்று இருக்கிறது. பெயர்கள் அந்தக் கூற்றுக்குச் சான்றாக வருகின்றன. கடைசி வாக்கியம் மாணவியுடையது. எந்த மூலத்திலும் அப்படியே கிடைக்காது. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அட்டவணை போடுவது.

இந்த முறையில் ஒரே ஆய்வு பல பகுதிகளில் தலைகாட்டும். ஹோல்வூட்டின் ஆய்வு அதிகாரத்தை அளப்பது பற்றிய பகுதியில் ஒரு வரியும், கடன் வரும் வழி பற்றிய பகுதியில் ஒரு முழுப் பத்தியும் பெறலாம். அதன் களம், மாதிரி போன்ற விவரங்களை முதல் முறை வருமிடத்தில் சொன்னால் போதும். ஓர் ஆய்வைப் பல துண்டாக வெட்டுவது அதை எழுதியவருக்குச் செய்யும் அநீதி என்று தயங்குபவர்கள் உண்டு. அந்தத் தயக்கம் தேவையில்லை. அந்த ஆய்வு எந்தக் கேள்விக்கு வலுவான சான்று தருகிறதோ அந்த இடத்தில் அதை நிறுத்துவதே அதற்குச் செய்யும் மரியாதை.

புதிய நெடுவரிசை எப்போது பிறக்கும்?

இரண்டு ஆய்வுகள் மோதி, ஏற்கெனவே உள்ள எந்த நெடுவரிசையும் அதை விளக்கவில்லை என்றால், அட்டவணையில் ஏதோ ஒரு கேள்வி விடுபட்டிருக்கிறது என்று பொருள். வீட்டு வன்முறை பற்றிய ஆய்வுகளில் இதைத் தெளிவாகக் காணலாம். ஷூலர் குழுவினர் 1996இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரையில், கடன் திட்டங்களில் சேர்ந்த பெண்கள் கணவனிடம் அடிபடுவது குறைவாக இருந்தது. அமினூர் ரஹ்மான் டாங்காயில் பகுதியில் கிராமீன் வங்கிக் கடனாளிகளிடையே நடத்திய மானிடவியல் ஆய்வோ, 120 பெண்களிடம் கேட்டு, பெரும்பாலோர் வீட்டில் வன்முறை கூடியதாக 1999இல் எழுதியது. எதை அளந்தார்கள் என்ற நெடுவரிசை இங்கே பெரிதாக உதவாது; இருவரும் வன்முறையைத்தான் பார்த்தார்கள்.

மைக்கேல் கோனிக் குழுவினரின் 2003ஆம் ஆண்டு ஆய்வை அட்டவணையில் சேர்த்ததும் நிலைமை மாறுகிறது. அவர்கள் வங்கதேசத்தின் இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார்கள். கட்டுப்பெட்டித்தனம் மிகுந்த பகுதியில், கடன் குழுவில் சேர்ந்து கொஞ்ச காலமே ஆன பெண்களுக்கு வன்முறை ஆபத்து கூடுதலாக இருந்தது. மற்றப் பகுதியில் அப்படி இல்லை. அதாவது கேட்க வேண்டியிருந்தவை "எப்படிப்பட்ட ஊர்?", "சேர்ந்து எவ்வளவு காலம்?" என்ற இரண்டு கேள்விகள். இவற்றை இரண்டு நெடுவரிசைகளாகச் சேர்த்து, ஷூலர், ரஹ்மான் கட்டுரைகளுக்குத் திரும்பிப் போய் அவற்றின் களத்தையும் உறுப்பினர் காலத்தையும் குறிக்க வேண்டும். அங்கே விவரம் கிடைக்காமலும் போகலாம். அப்போது "கேட்கவில்லை" என்ற குறியோடு, முரண்பாட்டுக்கு இது விளக்கமாக இருக்கக்கூடும் என்று மட்டும் எழுதலாம். இதுவே விளக்கம் என்று எழுதுவது சான்றை மீறுவது.

நெடுவரிசைகள் இப்படிப் பெருகிக்கொண்டே போனால் பன்னிரண்டு பதினைந்தில் அட்டவணை கையை விட்டுப் போகும். இயலில் வரப்போகும் பகுதிகள் நான்கைந்துதான். ஆகவே ஒருமுறை நிறுத்தி, ஒரே விடையைத் தரும் நெடுவரிசைகளை இணைத்துவிட வேண்டும். பெரும்பாலும் காலியாகக் கிடப்பவற்றை ஓரமாக ஒதுக்கிவைக்கலாம். மிஞ்சுபவை இயலின் உட்தலைப்புகளாகும். எதை முதலில் வைப்பது என்பதை வாதம் முடிவுசெய்யும். இந்த ஆய்வேட்டில் அளவீடு பற்றிய பகுதி முதலில் வந்தாக வேண்டும். அதைத் தெளிவாக்காமல் மற்ற முடிவுகளைப் பேசினால் வாசிப்பவர் ஒவ்வோர் இடத்திலும் இடறுவார்.

அட்டவணை மறைக்கும் இரண்டு விஷயங்கள்

கட்டங்கள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதால் ஆய்வுகளும் ஒரே எடை கொண்டவை என்ற மயக்கம் வரும். ஏழு ஆய்வுகள் ஆம் என்கின்றன, மூன்று இல்லை என்கின்றன, ஆகவே ஆம் என்று வாக்கு எண்ணுவது இந்த மயக்கத்தின் விளைவு. ஹைதராபாத்தில் பானர்ஜி, டஃப்லோ, க்ளென்னர்ஸ்டர், கின்னன் ஆகியோர் செய்து 2015இல் வெளியான ஆய்வில் 104 குடியிருப்புப் பகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் கடன் நிறுவனம் கிளை திறக்க ஏற்பாடு செய்தார்கள். பெண்களின் அதிகாரத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. குழுவில் தாங்களாகச் சேர்ந்த பெண்களையும் சேராதவர்களையும் ஒப்பிடும் ஆய்வில், துணிச்சல் உள்ளவர்களே சேர்ந்திருப்பார்களோ என்ற ஐயம் எப்போதும் நிற்கும். குலுக்கல் அந்த ஐயத்தை நீக்குகிறது. அதே சமயம் அது நகரத்தில், ஒரு நிறுவனத்தின் கடன் பற்றி, சில ஆண்டுகளுக்குள் கண்டது. ஒரு கிராமத்துப் பெண் தன் வாழ்க்கையைப் பற்றிச் சொல்வதை அது கேட்காது. எனவே "யாரோடு ஒப்பிட்டது?" என்றொரு நெடுவரிசை இந்த அட்டவணையில் கட்டாயம் வேண்டும். எழுதும்போது அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே முடிவுகளை எடைபோட வேண்டும்.

காலம் மறைந்துபோவது இரண்டாவது. சில ஆய்வுகளை வரிசையாகச் சொன்னால்தான் புரியும். மார்க் பிட், ஷாஹிதுர் கந்தகர் இருவரும் 1998இல், பெண்கள் கூடுதலாக வாங்கும் ஒவ்வொரு 100 டாக்கா கடனுக்கும் குடும்பத்தின் ஆண்டு நுகர்வு 18 டாக்கா உயர்ந்தது, ஆண்கள் வாங்கினால் 11 டாக்காதான் என்று கணக்கிட்டார்கள். அந்த எண் பல ஆண்டுகள் எங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. டேவிட் ரூட்மனும் ஜொனாதன் மோர்டக்கும் அதே தரவை மறுபடி ஆராய்ந்து, அதிலிருந்து காரண காரியத் தொடர்பை நிறுவ முடியாது என்று 2014இல் வாதிட்டார்கள். இந்தக் கதையை இரண்டு நெடுவரிசைகளில் சிதறவிட்டால் உயிர் போய்விடும். முதல் கணக்கையும் அதன் மறுபரிசோதனையையும் ஒரே பத்தியில், ஆண்டு வரிசையில் சொல்வதுதான் சரி. கேள்விவாரியான இயலுக்குள் இப்படி ஒரு தனிப்பத்தி வருவதில் பிழை ஒன்றுமில்லை. 18 டாக்கா எண்ணை மட்டும் எடுத்து, மறுபரிசோதனையைச் சொல்லாமல் விடும் ஆய்வேடுதான் பிழையானது.

இனி இந்த மாணவியின் சொந்த ஆய்வுக்கு அட்டவணை என்ன தருகிறது என்று பார்க்கலாம். "கடன் எந்த வழியில் வந்தது?" என்ற நெடுவரிசையை மேலிருந்து கீழே படித்தால், பெரும்பாலான ஆய்வுகளில் பணமும் குழுவும் ஒன்றாகவே வருகின்றன. பெண்ணுக்கு நேர்ந்த மாற்றம் பணத்தால் வந்ததா, வாராவாரம் கூடிப் பேசியதால் வந்ததா என்று பிரிக்க வழியில்லை. ஹோல்வூட் அதைப் பிரித்துப் பார்த்தார்: வங்கி நேரடியாகத் தந்த கடன், ஆண் வாங்கினாலும் பெண் வாங்கினாலும், வீட்டில் முடிவெடுக்கும் பழக்கத்தை மாற்றவில்லை, குழு வழியாக வந்தபோது மாறியது, நீண்ட கால உறுப்பினர்களிடமும் பயிற்சியும் கூட்டமும் மிகுந்த குழுக்களிலும் அந்த மாற்றம் இன்னும் வலுவாக இருந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலோ, பயிற்சியும் கூட்டமும் நடத்தும் சுயஉதவிக் குழுவில் இருக்கும் அதே பெண், தவணை வசூலுக்காக மட்டும் கூடும் நிதி நிறுவனக் குழுவிலும் கடன் வாங்குகிறார். இரண்டு வகைக் குழுவும் ஒரே வீட்டில் சந்திக்கும்போது என்ன ஆகிறது என்ற கேள்விக்கு, மேலே உள்ள அட்டவணையின் எந்தக் கட்டத்திலும் விடை இல்லை.

அதை உடனே ஆய்வு இடைவெளி என்று அறிவித்துவிடக் கூடாது. அட்டவணையில் இல்லை என்பதற்கு, தேடியபோது அந்தக் கேள்வியை வைத்துத் தேடவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். ஆகவே இந்த ஒரு கேள்விக்காகவே மறுபடி ஒரு தேடல் நடத்த வேண்டும்: கூட்டுப் பொறுப்புக் குழு, பல இடங்களில் கடன், சுயஉதவிக் குழு ஆகிய சொற்களைச் சேர்த்து, பல்கலைக்கழக ஆய்வேடுகள் கிடைக்கும் ஷோத்கங்கா தளத்திலும். கிடைப்பவற்றுக்கு அட்டவணையில் வரிசை போட்டு, அந்த நெடுவரிசையை நிரப்ப வேண்டும். அதன் பிறகும் கட்டம் காலியாகவே இருந்தால், மீளாய்வின் கடைசிப் பகுதியை அந்தக் கேள்வியிலிருந்து எழுதத் தொடங்கலாம். ஆய்வேட்டின் நோக்கமாக அடுத்த இயலில் எழுதப்படுவதும் அதே கேள்விதான்.